மெஷ் ரன்னிங் ஷூவை வெயிலில் காய வைக்கலாமா?

"மழையில் ஓடி ஷூ முழுக்கச் சேறு. துவைத்து மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும்தானே?"

காயும், ஆனால் ஷூ வீணாகும். அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். உள்ளே இருக்கும் ஃபோம் சுருங்கும். என் பழைய ஜோடியை ஒரு மே மாத மதியம் தகரக் கூரைமேல் வைத்தேன். மாலையில் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது, விரல் நுனி உள்ளே போனது. ஹேர் டிரையரும் அப்படித்தான்.

சேற்றைக் காயவிட்டுத் தட்டுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் வலைக்கண்ணுக்குள் இறங்கிவிடும். லேஸையும் உள்அட்டையையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். பச்சைத் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு, ஒரு பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். ஊற வைக்க வேண்டாம். நுரை போகும்வரை ஈரத்துணியால் துடையுங்கள். மிச்சம் நின்றால் வெள்ளை ஷூவில் மஞ்சள் கறை விழும்.

அப்புறம் செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும், மாற்றுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, ஷூவின் வாய் ஃபேனைப் பார்க்கும்படி நிழலில் சாய்த்து வையுங்கள். மறுநாள் உள்ளே கைவிட்டு நுனியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது.