காஞ்சிபுரம் பட்டு: ஜி.ஐ. சொல்லி விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் கேள்வி பதில்

"சார், நான் நெசவாளர் இல்லை. காஞ்சிபுரத்துல ஒரு சொசைட்டியில சேலை வாங்கி இன்ஸ்டாகிராம்ல விக்கிறேன். 'காஞ்சிபுரம் பட்டு'ன்னு போட எனக்கு ஜி.ஐ. சான்றிதழ் வேணுமா?" (திருப்பூர்)

வேண்டியதில்லை. ஜி.ஐ. என்பது புவிசார் குறியீடு, ஒரு ஊரின் பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரைக் காக்கும் பதிவு. புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999, பிரிவு 22 இதற்கு இடம் கொடுக்கிறது. பதிவான பொருளை முறையாக வாங்கியவர் அதை மறுபடி விற்றால் அது மீறல் ஆகாது. ஆனால் "நாங்கள் ஜி.ஐ. சான்று பெற்றவர்கள்" என்று போட்டால் அது பொய். அங்கீகரிக்கப்பட்ட பயனர், அதாவது அந்தப் பெயரைப் போடப் பதிவு பெற்றவர், சொசைட்டிதான், நீங்கள் இல்லை. "நெய்தது இன்ன சங்கம், அவர்களுடைய அங்கீகரிக்கப்பட்ட பயனர் எண் இது, நாங்கள் மறுவிற்பனையாளர்" என்று எழுதுங்கள்.

பெரும்பாலும் தப்பு நடக்கும் இடம் வேறு. பத்துச் சேலை சொசைட்டியில் வாங்கியிருப்பார்கள், நாற்பது சேலை தர்மாவரத்திலிருந்தோ விசைத்தறியிலிருந்தோ வந்திருக்கும், ஆல்பம் ஒன்று, தலைப்பும் ஒன்று. சேலை ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு, சங்கத்தின் டேக்கையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். கேட்கிறவருக்கு அந்தச் சேலையின் படத்தையே அனுப்ப முடிய வேண்டும்.

"வியாபாரி ஜி.ஐ.ல பதிவு பண்ணவே முடியாதுங்க. நெய்யுறவங்களுக்கு மட்டும்தான்." (சேலம்)

பாதி சரி. கைவினைப் பொருளில் உற்பத்தியாளர் என்றால் முதலில் செய்பவர்தான். ஆனால் சட்டத்தின் விளக்கம் அந்த உற்பத்தியை வாங்கி விற்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் காஞ்சிபுரத்துத் தறிகளோடு நேரடித் தொழில் உள்ள வியாபாரியும் விண்ணப்பிக்கலாம். சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். 2020இல் விதிகளைத் திருத்தியபோது பயனர் பதிவுக் கட்டணத்தைப் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். அதனால் "செலவு தாங்காது" என்ற பேச்சு இப்போது எடுபடாது. சரக்கு எந்தத் தறியிலிருந்து வருகிறது என்று காட்டுவதுதான் உண்மையான வேலை.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிப் பதிவு பெற்ற உரிமையை வேறொருவருக்கு வாடகைக்கோ லைசென்ஸாகவோ கொடுக்க முடியாது. பிரிவு 24 அதைத் தடுக்கிறது. "எங்க எண்ணைப் போட்டுக்குங்க, சேலைக்கு இவ்வளவு கொடுங்க" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

"நான் வாங்கின சேலை லேபிள்ல ஜி.ஐ. லோகோவும் 'பதிவு எண் 15'ன்னும் இருக்கு. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" (மதுரை)

அந்த 15 என்பது காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குக் கொடுத்த விண்ணப்ப எண். எல்லாருக்கும் அதே எண்தான், அச்சகத்தில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். விற்பவரிடமோ அவருக்குச் சரக்கு கொடுத்தவரிடமோ அங்கீகரிக்கப்பட்ட பயனரின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள். ipindia.gov.in தளத்தில் புவிசார் குறியீட்டுப் பகுதிக்குப் போய் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பதிவு பத்து ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதனால் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

"எங்க அம்மா சேலையில சில்க் மார்க் இருந்துச்சு. அப்ப அது ஜி.ஐ. சேலைதானே?" (திருச்சி)

இரண்டும் வேறு. சில்க் மார்க் மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாடு. அந்த லேபிள் "இது அசல் பட்டு" என்று மட்டும்தான் சொல்கிறது. ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அசல் பட்டு நூலில் விசைத்தறியில் நெய்த சேலையும் சில்க் மார்க் வாங்கலாம்.

"ஒரு பக்கத்துல 'ஜி.ஐ. காஞ்சிபுரம், ப்யூர் ஜரிகை, கைத்தறி, 4,500 ரூபாய்'னு வந்திருக்கு. நம்பலாமா?" (கோவை)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சேலையில் பட்டு நூல் 500 கிராம், ஜரிகை 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் கிலோ 6,000 ரூபாய் என்றாலும் பட்டுக்கே 3,000 போய்விடும். காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் கடைப்பிடிக்கும் அசல் ஜரிகையில் வெள்ளி சுமார் 40 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். அப்படியானால் 100 கிராம் ஜரிகையில் 40 கிராம் வெள்ளியும் அரை கிராம் தங்கமும் இருக்கும். இன்றைய வெள்ளி, தங்க விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் சாயம், பாவு, நெசவாளர் கூலி எல்லாம் இருக்கின்றன. 4,500க்கு இது கட்டுப்படியாகாது. ஏதோ ஒன்று பொய், பெரும்பாலும் ஜரிகை.

வெள்ளி குறைந்த மலிவான வகைகளான ஹாஃப் ஃபைன் ஜரிகை, டெஸ்டட் ஜரிகை போட்ட சேலையை விற்பது குற்றமே இல்லை. "பட்டு அசல், ஜரிகை டெஸ்டட்" என்று பில்லில் எழுதினால் போதும். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

"வீட்டிலேயே சோதிக்க முடியுமா? நூலைக் கொளுத்திப் பாக்கச் சொல்றாங்க." (நாகர்கோவில்)

முந்தி ஓரத்தில் தொங்கும் பட்டு நூலில் ஒன்றைக் கொளுத்தினால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். ஆனால் இது அந்த ஒரு நூலைப் பற்றி மட்டும்தான் சொல்லும். நீளவாக்கில் ஓடும் பாவில் பட்டும் குறுக்கே ஓடும் ஊடையில் வேறு நூலும் போட்டிருக்கலாம், அதனால் இரண்டு பக்க நூலையும் எடுத்துப் பாருங்கள்.

ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். போலிக்கும் சிவப்பு நூல் வைக்கலாம், ஆக அதை மட்டும் நம்ப முடியாது. வெள்ளி எவ்வளவு என்று தெரிய, எக்ஸ் கதிரால் உலோகத்தை அளக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவிதான் வேண்டும். விலை கூடின சேலைக்கு அந்தச் செலவு தகும்.

கண்ணுக்குத் தெரிகிற ஒன்று கோர்வை. சேலையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். கோர்வை நெசவில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை. உடலின் நிறம் கரைக்குள் ஏறாது, சேரும் கோட்டில் நூல்கள் ஒன்றையொன்று பிடித்துச் சின்னப் பல்போல நிற்கும். ஒரே ஊடை போன சேலையில் உடல் நிறம் கரைக்குள் கலந்து மங்கலாகத் தெரியும். காஞ்சிபுரத்துச் சேலை எல்லாமே கோர்வை கிடையாது. அது இல்லை என்பதாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

"நாங்க ஆரணிக்காரங்க. அதே நூல், அதே ஜரிகை, கைத்தறிதான். 'காஞ்சி ஸ்டைல்'னு போட்டா யார் கேட்பாங்க?" (ஆரணி)

ஆரணிப் பட்டுக்கே தனிப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதைப் போடுங்கள். "ஸ்டைல்" என்ற சொல் கேடயம் ஆகாது. வாங்குபவர் காஞ்சிபுரத்தில் நெய்தது என்று நினைத்துவிட்டால் அது மீறல்தான். பொய்யாக இந்தக் குறியீட்டைப் போடுவதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு.

"அதைக் கேட்கலைங்க. காஞ்சிபுரத்து முதலாளி பாவும் ஜரிகையும் கொடுக்கிறார், நாங்க எங்க ஊர்ல நெய்து கொடுக்கிறோம், அவர் காஞ்சிபுரம்னு விக்கிறார். அது சரியா?" (அதே ஆரணி)

என் பார்வையில் சரியில்லை, ஏனென்றால் நெசவு நடந்த இடம்தான் இந்தப் பெயரின் உயிர். நூலும் சாயமும் ஜரிகையும் வடிவமும் காஞ்சிபுரத்திலிருந்து வந்தால் போதும் என்று வாதாடுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள், அந்த விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கூலி ரசீதில் "ஆரணியில் நெய்தது" என்று எழுதி வாங்குங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் நெய்த இடத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.