திங்கட்கிழமை மட்டும் ஏன் இப்படி? மனநிலை ஆப்கள் பற்றி பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

ஒன்றரை மாதமாக Daylio ஆப்பில் காலையும் இரவும் மனநிலையைக் குறித்து வருகிறேன். திங்கட்கிழமைதான் படுமோசம். அன்று காலை 10 மணிக்கு மேனேஜருடன் டீம் மீட்டிங். வேலையை மாற்றிவிடலாமா? – மாரத்தஹள்ளி வாசகி

அவசரப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆப்பில் ஐந்து முகங்கள் உண்டு. மிக நல்லதற்கு 5, மிக மோசத்துக்கு 1 என்று வைத்து உங்கள் ஆறு திங்கட்கிழமைக் காலைகளை வரிசையாக எழுதினேன்: 2, 3, 1, 4, 2, 3. மீட்டிங் ஆறு வாரமும் நடந்திருக்கிறது. அதுதான் காரணம் என்றால் ஆறும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகளைப் பார்த்தேன். 2, 1, 2 என்று வந்த மூன்று வாரங்களிலும் "மதுரை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை மடிவாளாவில் இறங்கி, குளித்துவிட்டு நேரே ஆபீஸ். பெங்களூரிலேயே இருந்த மூன்று வாரங்களில் 3, 4, 3. அதே மேனேஜர், அதே மீட்டிங்தான். உங்களை வாட்டுவது பெரும்பாலும் அந்த இரவின் தூக்கக் கெடுதல் என்றுதான் எனக்குப் படுகிறது. வீட்டைப் பிரிந்து வரும் ஏக்கமும் சேர்ந்திருக்கலாம். அதை இந்தக் குறிப்பு பிரித்துக் காட்டாது.

ஆறு திங்கட்கிழமைகள் ரொம்பக் குறைவு. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள். அடுத்த இரண்டு முறை ஊருக்குப் போகும்போது ராத்திரி பஸ்ஸை விட்டு ஞாயிறு பகலில் திரும்புங்கள். விடிகாலை மதுரையில் கிளம்பி மதியம் பெங்களூர் வந்துவிடும் வந்தே பாரத் இருக்கிறது. அன்றிரவு உங்கள் கட்டிலில் தூங்குங்கள். திங்கள் காலை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பஸ்தான் காரணம் என்று ஓரளவு நம்பலாம். தூங்கி எழுந்தும் 1, 2 என்றே வந்தால், அப்போது மீட்டிங்கைப் பற்றிப் பேசுவோம்.

உங்களை மாதிரி யாரும் குறிக்க ஆரம்பித்தால், ஆப் காட்டும் சராசரியை நம்பி உட்கார வேண்டாம். 5ம் 1ம் மாறி மாறி வந்தாலும் சராசரி 3தான், எல்லா நாளும் சுமாராக இருந்தாலும் 3தான். மோசமான நாளுக்கு முந்தின நாளைத்தான் பார்க்கவேண்டும். செயல்களின் பட்டியலில் இருபது முப்பது சேர்த்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு, ராத்திரி போன் கால், பயணம், வெளியே நடந்தது, யாருடனாவது மனம்விட்டுப் பேசியது ஆகிய ஐந்தும் போதும். அதிகமானால் பத்தாம் நாள் கை சலித்துவிடும்.

இன்னொன்று, மனசு கெட்டபோது மட்டும் ஆப்பைத் திறப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் மாதம் முழுக்கச் சிவப்பாகத் தெரியும், அதைப் பார்த்தே இன்னும் கலங்குவோம். அதனால் நினைவூட்டலைக் காலைக் காபி நேரத்துக்கும் படுப்பதற்கு முன்பும் வைத்து, நல்ல நாளையும் குறியுங்கள். தினமும் குறிக்கவும் மாதத்தை நாட்காட்டியாகப் பார்க்கவும் Daylio ஆப்பின் இலவசப் பதிப்பே போதும்.

முகத்தைத் தொட்டால் போதுமா, எழுதவும் வேண்டுமா? எனக்கு எல்லாமே "மூட் அவுட்" தான். – அல்சூர் வாசகர்

அந்த ஒரு சொல்லைத்தான் கொஞ்சம் பிரிக்கவேண்டும். நம் ஆட்கள் சலிப்பு, எரிச்சல், அவமானம், பதற்றம், ஏக்கம் எல்லாவற்றையும் மூட் அவுட் என்றோ டென்ஷன் என்றோ சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சலிப்புக்கு வேலையில் ஒரு மாற்றம், அவமானத்துக்கு நம்பிக்கையான ஒருவரிடம் பேச்சு, பதற்றத்துக்கு உடம்பைத் தளர்த்துவது என்று வழிகள் மாறும்.

How We Feel என்ற ஆப் இதற்கு நல்லது. லாபநோக்கமற்ற அமைப்பு நடத்துவது, முழுக்க இலவசம். உடம்பில் தெம்பு கூடவா குறைவா, மனசுக்கு இதமா இதமில்லையா என்று இரண்டே கேள்வியில் நான்கு நிறக் கட்டங்களாகப் பிரித்து, அதற்குள் உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். "ரிவ்யூவில் எல்லார் முன்னாலும் சொன்னார், கூசிப்போனேன்" என்ற ஒரு வரி போதும். அரைப் பக்கம் எழுதினால் அதே காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவதாக முடியலாம். எழுதி முடித்த பின் முன்னைவிடப் பாரமாக இருந்தால், எழுதுவதைச் சுருக்குங்கள்.

ஏழு நாள் இலவசம் என்றார்கள், தியான ஆப் ஒன்றைப் போட்டேன். பிடிக்கவில்லை, நீக்கிவிட்டேன். பணம் போய்விட்டது! – பொம்மனஹள்ளி வாசகர்

எனக்கும் இது நடந்திருக்கிறது, ஒரு வருடத் தொகை மொத்தமாகப் போனது. ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு Payments & subscriptions, அதற்குள் Subscriptions சென்று ரத்து செய்யவேண்டும். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் அந்த யுபிஐ ஆப்பிலும் போய் அனுமதியை நீக்குங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். தியானத்துக்கு Medito இருக்கிறது. நெதர்லாந்தின் அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது, சந்தாவே கிடையாது.

ஆபீஸ் கொடுத்த போனில் வைத்துக்கொள்ளலாமா? – எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி

வேண்டாம். அந்த போனை நிர்வகிப்பது கம்பெனி. வேலையை விடும் நாளில் திருப்பிக் கொடுக்கும்போது குறிப்புகளும் போய்விடும். சொந்த போனில் வையுங்கள், பேக்கப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எப்போது ஆப் போதாது என்று தெரிந்துகொள்வது? – பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் 1, 2 என்றே வந்து, பிடித்த விஷயத்திலும் நாட்டமில்லாமல், தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் அது ஆப்பின் எல்லைக்கு வெளியே. உலக சுகாதார நிறுவனத்தின் WHO-5 என்ற ஐந்து வரிக் கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை போட்டுக் கூட்டுங்கள். 25க்கு 13க்குக் கீழே வந்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். அது நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு இல்லை, ஒருவர் நேரில் பார்க்கவேண்டும் என்பதற்கான அடையாளம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. போகும்போது குறிப்புகளை எடுத்துப்போங்கள். "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் தேதியோடு சொல்லலாம்.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் எந்த ஆப்பையும் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், உடனே 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபின் இதை எழுதுகிறேன். இன்றைக்கே அழையுங்கள்.