மூன்று நிமிடச் சண்டையில் விவாகரத்து தெரிந்துவிடுமா?

கேள்வி: "கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வயதில் பெண் குழந்தை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சண்டை வருகிறது. நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் ஒரு கட்டத்தில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அப்புறம் இரண்டு நாள் பேச்சே இருக்காது. ஒரு கவுன்சலிங் சென்டருக்குப் போனேன். கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, 'நீங்கள் பிரிய 92 சதவீத வாய்ப்பு இருக்கிறது, இது அமெரிக்க ஆராய்ச்சி முறை' என்றார்கள். 12 அமர்வுக்கு 36,000 ரூபாய் முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். சண்டையின் முதல் மூன்று நிமிடத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுமாமே, உண்மையா? பணம் கட்டலாமா?"
(வாசகி, திருப்பூர்)

பதில்: கட்டாதீர்கள். உங்கள் கல்யாணம் நிலைக்குமா என்பதைக் கேள்வித்தாளை வைத்து யாராலும் சதவீதக் கணக்கில் சொல்ல முடியாது.

அந்த மூன்று நிமிட ஆராய்ச்சி நிஜமாகவே நடந்ததுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜான் காட்மன் நடத்தியது. புதிதாக மணமானவர்களை எதிரெதிரே உட்காரவைத்து, தங்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொன்னார்கள். அதை வீடியோ எடுத்தார்கள். அப்புறம் பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பதிவைப் பார்த்து, கோபமா, வருத்தமா, இளக்காரமா, சிரிப்பா என்று விநாடி விநாடியாகக் குறித்தார்கள். 1999இல் வெளிவந்த கட்டுரையில் 124 தம்பதிகள். ஆறு வருடத்தில் அவர்களில் 17 ஜோடி பிரிந்தது. பிரிந்தவர்களின் பேச்சு முதல் மூன்று நிமிடத்திலேயே மற்றவர்களுடையதைவிடக் கசப்பாக ஆரம்பித்திருந்தது. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

உங்கள் சென்டரில் வீடியோ எடுத்தார்களா? உங்கள் கணவர் அங்கே வந்தாரா? இரண்டும் இல்லாமல், நீங்கள் தனியாக உட்கார்ந்து டிக் அடித்த தாளுக்கு 'அமெரிக்க ஆராய்ச்சி முறை' என்று பெயர் வைப்பது ஏமாற்று வேலை.

அடுத்தது அந்த சதவீதம். இந்த மாதிரி ஆராய்ச்சியை வைத்து, யார் பிரிவார்கள் என்பதை 90 சதவீதம் துல்லியமாகக் கணிக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதே 124 தம்பதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவே பார்க்காமல் ஒருவர், "இவர்கள் யாருமே பிரிய மாட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் 107 ஜோடி விஷயத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும். அதாவது நூற்றுக்கு 86. பிரிகிறவர்கள் குறைவாக இருக்கும் கூட்டத்தில் 90 சதவீதம் துல்லியம் என்று சொல்லிக்கொள்வது பெரிய விஷயமே இல்லை. இன்னொன்று, முடிவு தெரிந்த பிறகு, அந்த முடிவுக்குப் பொருந்துகிற மாதிரி சூத்திரம் போட்டால் அது நன்றாகத்தான் பொருந்தும். அதே சூத்திரத்தைப் புதிய தம்பதிகளிடம் போட்டுப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட் ஹேமன், ஏமி ஸ்லெப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001இல் இதைத்தான் செய்தார்கள். வேறொரு பெரிய கணக்கெடுப்பின் தகவலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சூத்திரம் உருவாக்கினார்கள், பிரமாதமாக வேலை செய்தது. மறு பாதியில் போட்டதும் அது பிரிவார்கள் என்று காட்டியவர்களில் பெரும்பாலோர் பிரியவே இல்லை. கூட்டத்துக்குப் பொதுவாகச் சொல்ல முடிந்ததை ஒரு தனி ஜோடிக்குச் சொல்ல முடியாது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்றால், நம் நாட்டில் 'திருமண ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். மற்றபடி இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவரும் உங்கள் எதிரே உட்கார்ந்து "பிரிந்துவிடுவீர்கள்" என்று சொல்லலாம், கேட்க ஆள் இல்லை. குடும்ப நீதிமன்றம் வரை போய்விட்டவர்களுக்கு அங்கே ஆலோசகர் இருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால், சண்டை இன்னும் சரிசெய்கிற நிலையில் இருக்கும்போது, சாதாரணச் சம்பளக்காரர்கள் போய் நிற்க ஓர் இடம் வேண்டாமா? பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் பேக்கேஜ்காரர்கள் கடை போடுகிறார்கள். முதல் நாளே மொத்தப் பணத்தைக் கேட்பவர், பயமுறுத்தும் எண்ணைச் சொல்பவர், கணவரைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்பவர், இந்த மூவரிடமும் போக வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வாரத்துக்கு எத்தனை சண்டை என்ற எண்ணிக்கையை நீங்கள் முதலில் சொல்லியிருக்கிறீர்கள். நான் கவலைப்படுவது அதற்கு அல்ல, மொட்டை மாடிக்கும் அதற்குப் பிறகான இரண்டு நாளுக்கும்தான். ஒருவர் கேட்டுக்கொண்டே போக, மற்றவர் வாயை மூடிக்கொண்டு விலகுவது உலகம் முழுக்கத் தம்பதிகளிடம் காணப்படும் வழக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். பெரும்பாலும் மனைவி துரத்துகிறார், கணவர் ஒதுங்குகிறார். ஆனால் பேச்சு, கணவர் மாற்றம் கேட்கும் விஷயத்துக்குத் திரும்பினால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மாற்றம் வேண்டும் என்பவர் துரத்துவார், இருக்கிறபடியே இருக்கட்டும் என்பவர் ஒதுங்குவார். ஆகவே 'அவர் சுபாவமே இப்படி' என்று முடிவு கட்டாதீர்கள். மிச்சிகனில் 373 தம்பதிகளை 16 வருடம் தொடர்ந்து கவனித்த கிரா பர்டிட் குழு, ஒருவர் நிதானமாகப் பேச முயன்று மற்றவர் விலகிப்போகும் ஜோடிகளில் விவாகரத்து அதிகம் என்று 2010இல் எழுதியது. அதனால் இந்த வழக்கத்தை மாற்றியாக வேண்டும்.

விலகுகிறவர் எல்லோரும் அலட்சியத்தால் விலகுவதில்லை. காட்மனும் அவரோடு வேலை செய்த ராபர்ட் லெவன்சனும் சண்டையின்போது இதயத் துடிப்பை அளந்தார்கள். வெளியே கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டியிருக்கலாம். அந்த நிலையில் காதில் விழுவது மனதில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார் காட்மன். அதனால் மாடிக்குப் போவது தவறில்லை. எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் தவறு.

ஓர் உதாரணம். கணவர் தன் தம்பிக்கு 15,000 ரூபாயை உங்களிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரவு அவர் செருப்பைக் கழற்றும்போதே, "எப்பவும் இப்படித்தான். உங்க வீட்டுக்குன்னா மட்டும் காசு முளைக்கும்" என்று ஆரம்பிக்கிறீர்கள். பேச்சு பணத்தை விட்டு அவருடைய குணத்துக்கும் குடும்பத்துக்கும் போய்விட்டது. அவர் பதில் சொல்வார், அல்லது மாடி. அதையே சாப்பிட்டு முடித்து, குழந்தை தூங்கிய பிறகு, "பதினஞ்சாயிரம் போனது எனக்கு மெசேஜ் பாத்துத்தாங்க தெரிஞ்சுது. கஷ்டமா இருந்துச்சு. இனிமே பத்தாயிரத்துக்கு மேல போனா முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றால், நடந்தது ஒன்று, உங்கள் வருத்தம் ஒன்று, கேட்பது ஒன்று என்று மூன்றும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகின்றன. இவ்வளவு சொல்லியும் அவருக்கு மூச்சு வாங்கினால், "அரை மணி நேரம் கழிச்சு வரேன்" என்று அவர் சொல்ல வேண்டும், சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் பின்னாலேயே மாடிப்படி ஏறக் கூடாது. சண்டை இல்லாத ஒரு நாளில் இந்த ஒப்பந்தத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், சண்டையின் நடுவில் பேசினால் எடுபடாது.

கோபத்துக்குப் பயப்பட வேண்டாம். புதுமணத் தம்பதிகளைப் பற்றிய 1998ஆம் ஆண்டு ஆய்வில், கோபப்பட்டவர்கள் பிரிந்துவிடுவார்கள் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. இளக்காரம்தான் மோசமான அறிகுறி. "பேசத் தெரியாத ஜென்மம்" என்பது, நீங்கள் பேசுவதைப் போலவே பேசிக் காட்டுவது, உறவினர் எதிரில் உங்கள் படிப்பைக் கேலி செய்வது, கண்ணை மேலே உருட்டுவது எல்லாம் அதில் சேரும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள், உங்கள் வாயிலிருந்து வருவதையும் சேர்த்து.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எதுவும், அடி விழும் வீட்டுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு தடவை அறைந்தாலும் சரி. அறையவில்லை, ஆனால் கதவைப் பூட்டினார், கழுத்தில் கை வைத்தார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார், சம்பளக் கார்டைப் பிடுங்கிக்கொண்டார், போனை உடைத்தார் என்றாலும் சரி. அங்கே நடப்பதைத் தம்பதிச் சண்டை என்று சொல்ல மாட்டேன். அங்கே "மென்மையாக ஆரம்பியுங்கள்" என்று மனைவிக்குப் பாடம் எடுப்பது குற்றத்துக்குத் துணை போவது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதும் ஆபத்து, ஆலோசகர் அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டிவரும். ஊர்ப் பெரியவர்களும், சில ஆலோசகர்களும்கூட "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று அனுப்பிவைக்கிறார்கள். கேட்காதீர்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, சொல்லால் வதைப்பதும் பணத்தைப் பிடித்துவைப்பதும் அடங்கும். பெண்கள் உதவி எண்ணான 181க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் திறக்கும்போது எனக்குத் தயக்கம் வருகிறதா, பயம் வருகிறதா? தயக்கம் என்றால் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். பயம் என்றால் முதலில் 181.

பயம் இல்லை என்றால், இரண்டு மாதம் இந்த ஒப்பந்தத்தோடு பழகிப் பாருங்கள். அவர் சொன்ன நேரத்துக்கு மாடியிலிருந்து இறங்கி வருகிறாரா, இரண்டு நாள் மௌனம் ஒரு ராத்திரியாகக் குறைகிறதா என்று கவனியுங்கள். குறையவில்லை என்றால் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பதிவு மட்டும் போதாது, தம்பதிகளோடு வேலை செய்து பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் அன்றன்றைக்குப் பணம் கொடுங்கள். கணவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போகலாம், அதிலும் பயன் உண்டு. சென்டரில் ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு, திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.