மெயிலில் எவ்வளவு விளக்க வேண்டும்? ஜெர்மனிக்கு ஒரு அளவு, அம்பத்தூருக்கு ஒரு அளவு

கேள்வி: அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். "சரக்கு கொஞ்சம் தாமதமாகும், எங்களால் முடிந்ததைச் செய்கிறோம், தயவுசெய்து ஒத்துழையுங்கள்" என்று ஜெர்மனி வாடிக்கையாளருக்கு மெயில் போட்டேன். பதிலுக்கு நாலு கேள்வி வந்தது. சரி என்று இங்கே பிளேட்டிங் செய்து தருபவருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினால், "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்கிறார். எவ்வளவுதான் எழுதுவது?

பதில்: உங்களுக்கும் படிப்பவருக்கும் ஏற்கெனவே பொதுவாகத் தெரிந்தது எவ்வளவோ, அவ்வளவை எழுதாமல் விடலாம். மீதி முழுக்க மெயிலில் இருந்தாக வேண்டும். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1976-இல் இதைத்தான் ஹை கான்டெக்ஸ்ட், லோ கான்டெக்ஸ்ட் என்று பிரித்தார். முதலாவதில் பாதிச் செய்தி உறவிலும் சூழ்நிலையிலும் இருக்கும். இரண்டாவதில் எழுத்தில் உள்ளது மட்டுமே செய்தி. ஜெர்மானியர்களை அவர் இரண்டாவது பக்கம் வைத்தார்.

உங்கள் மெயிலை ஜெர்மனியில் எப்படிப் படித்திருப்பார்கள் என்று பாருங்கள். "கொஞ்சம்" என்பது இரண்டு நாளா, இரண்டு வாரமா தெரியாது. "முடிந்ததைச் செய்கிறோம்" என்பதில் அவர்களுடைய உற்பத்தித் திட்டத்தில் ஏற்றத்தக்க தகவல் ஏதுமில்லை. "ஒத்துழையுங்கள்" என்றால் இங்கே நமக்கு "புதுத் தேதிக்கு ஒப்புதல் கொடுங்கள்" என்று புரியும். அங்கே அது வெறும் மரியாதைச் சொல். வந்த நாலு கேள்வியும் கோபமல்ல, நீங்கள் எழுதாமல் விட்டவற்றின் பட்டியல். கேள்வியே வராமல் போவதுதான் ஆபத்து. தகவலுக்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று மூடி வைத்துவிடுவார்கள். நீங்களோ ஒப்புதல் கிடைத்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரு உதாரணம். 500 பிராக்கெட் ஜூன் 12 அன்று கிளம்ப வேண்டும். 180-இல் துத்தநாக முலாம் 8 மைக்ரானுக்குப் பதில் 6 மைக்ரானாக வந்துவிட்டது. அப்போது இப்படி எழுதலாம்:

"500 பிராக்கெட்டில் 320 தயார். 180-இல் முலாம் 6 மைக்ரான்தான் உள்ளது. வரைபடப்படி 8 வேண்டும். அவற்றுக்கு மறுபடி முலாம் பூசுகிறோம். அவை ஜூன் 19 அன்று சென்னையிலிருந்து கிளம்பும். 320-ஐ ஜூன் 12 அன்றே அனுப்பட்டுமா, எல்லாவற்றையும் 19 அன்று சேர்த்து அனுப்பட்டுமா? ஜூன் 9, உங்கள் நேரம் மாலை 4 மணிக்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 12-ஆம் தேதி விமானத்தில் இடம் பிடிக்க முடியாது. பதில் வராவிட்டால் 19 அன்று சேர்த்து அனுப்புவோம். தாமதத்துக்கு வருந்துகிறோம்."

இதில் மன்னிப்பு ஒரே வரி, அதுவும் கடைசியில். நம் பழக்கப்படி அதை முதலில் வைத்து மூன்று வரி நீட்டினால் தேதி கீழே போய்விடும். கடைசி ஏற்பாடும் முக்கியம்: அவர்கள் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று எழுதிவிட்டதால், மௌனத்துக்கும் ஒரே அர்த்தம்தான். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 9/6 என்று போட்டால் அமெரிக்க வாடிக்கையாளர் செப்டம்பர் 6 என்று படிப்பார். ஜூனில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே அவர்களின் மாலை 4 நமக்கு இரவு 7.30.

இதையே அளவுக்கு மீறியும் செய்துவிடக் கூடாது. முலாம் ஏன் குறைந்தது, எந்த ஷிஃப்ட், யார் கவனிக்கவில்லை என்பதெல்லாம் அவர்களின் முடிவை மாற்றாது. தரக்குழு தனியாகக் கேட்டால் அதற்கான அறிக்கையில் கொடுங்கள். அனுப்புமுன் ஒரு சோதனை செய்துபாருங்கள்: வாடிக்கையாளர் இந்த மெயிலை விஷயமே தெரியாத தன் கிடங்குப் பொறுப்பாளருக்கு அப்படியே ஃபார்வேர்டு செய்தால், அவரால் வேலையைத் தொடங்க முடியுமா? முடியாது என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

இனி உங்கள் பிளேட்டிங்காரர். வருஷக்கணக்காக வேலை செய்பவருக்கு 8 மைக்ரான் என்பது மனப்பாடம். அதையே மேலதிகாரிகளை சிசியில் போட்டு எழுதினால், நாளைக்கு ஆதாரமாகக் காட்டத்தான் எழுதுகிறார்கள் என்று அவர் படிப்பார். அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. முதலில் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். பிறகு சிசி இல்லாமல் இரண்டே வரி: "அண்ணே, பேசினபடி 180 பீஸ், ஜூன் 16 காலை வண்டி அனுப்புகிறேன். அளந்த ரிப்போர்ட்டையும் கூட வைத்துவிடுங்கள்." எண்ணும் தேதியும் எழுத்தில் பதிவாகிவிடும், உறவும் கெடாது.

ஆனால் நாட்டைப் பார்த்து மட்டும் அளவைத் தீர்மானிக்க வேண்டாம். ஹாலின் பிரிவு பொதுப்போக்கைச் சொல்கிறது, தனி மனிதரை அல்ல. அதே ஜெர்மானியருடன் ஆறு மாதம் வாராவாரம் பேசியிருந்தால் அவருக்கும் சுருக்கமாக எழுதலாம். பிளேட்டிங் கடையில் புது சூப்பர்வைசர் வந்துவிட்டால், அம்பத்தூருக்கும் 8 மைக்ரான் என்று எழுதியே ஆக வேண்டும்.