காப்பர்ல டிஸ்ப்ளேஸ்மென்ட் கரன்ட்டை ஏன் கண்டுக்கறதே இல்ல?

"ஃப்ரீக்வென்சி ஏத்தினா டிஸ்ப்ளேஸ்மென்ட் கரன்ட் கூடும்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் காப்பர்ல மட்டும் அதை விட்டுடறாங்க?"

கூடுறது உண்மைதான், ஆனா எதோட ஒப்பிட்டுன்னு பாக்கணும். ஒரே ஃபீல்டுக்கு கண்டக்ஷன் கரன்ட் σE, டிஸ்ப்ளேஸ்மென்ட் 2πfεE, அதனால விகிதம் σ/(2πfε), E அடிபட்டுடும்.

காப்பருக்கு σ சுமார் 5.8×10⁷ S/m, ε-க்கு வெற்றிடத்தோட 8.85×10⁻¹² போட்டா 1 GHz-லயே கண்டக்ஷன் கிட்டத்தட்ட நூறு கோடி மடங்கு பெருசு. ரெண்டும் சமமாக 10¹⁸ Hz வேணும்னு கணக்கு வரும், அது எக்ஸ்ரே ஏரியா, ஆனா அந்த நம்பரை நம்பாதீங்க, இன்ஃப்ராரெட் பக்கம் போகும்போதே σ மாறாம இருக்கும்ங்கறது உடைஞ்சிடும்.

இப்ப ஈர மண்ணை எடுங்க, σ 0.01 S/m, εr 10-னு வெச்சுக்கலாம் (ஈரத்தைப் பொறுத்து நிறையவே மாறும்). சமமாகுற இடம் சுமார் 18 MHz. 1 MHz-ல கண்டக்ஷன் 18 மடங்கு, மண்ணு கண்டக்டர் மாதிரி நடந்துக்கும். 500 MHz-ல அதே கண்டக்ஷன் டிஸ்ப்ளேஸ்மென்ட்ல வெறும் 3.6%, இப்ப அது கொஞ்சம் லாஸ் இருக்கற டைஎலக்ட்ரிக், அவ்ளோதான். ரெண்டுக்கும் நடுவுல 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசம் இருக்கு, அதனால 18 MHz-ல மொத்த கரன்ட் ரெட்டிப்பாகாது, 1.41 மடங்குதான்.