மேலே மிதக்கும் எண்ணெய் காவலா, எதிரியா?

பினாங்கில் நடக்கவிருக்கும் உணவு அறிவியல் உரைக்கு முன்கூட்டியே வந்த கேள்விகளில், எண்ணெய் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஊறுகாய், பூண்டு, சம்பால், முறுக்கு எல்லாவற்றிலும் எண்ணெய் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொன்றிலும் செய்யும் வேலை வேறு.

இரத்த அழுத்தம் இருப்பதால் எலுமிச்சை ஊறுகாயில் உப்பைக் குறைத்தேன். ஒரு கிலோ பழத்துக்கு 60 கிராம்தான் போட்டேன். மூன்றாவது வாரமே மேலே வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. அம்மா காலத்து ஊறுகாய் ஒரு வருஷம் நின்றதே? (பட்டர்வொர்த்)

அம்மா எவ்வளவு உப்புப் போட்டிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். பழைய கணக்கில் கிலோவுக்கு 200 கிராம் வரை வரும். ஒரு கிலோ எலுமிச்சையில் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர்தான். அதில் 200 கிராம் உப்புக் கரைந்தால் 18 சதவீதக் கரைசல். வெயிலில் வைத்து 300 கிராம் தண்ணீர் வற்றினால் அதுவே 25 சதவீதம். உப்பு இதற்கு மேல் கரையாது என்ற எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. உங்கள் ஜாடியில் இருப்பது ஆறு சதவீதம். அதே அளவு வற்றவிட்டாலும் ஒன்பதைத்தான் எட்டும்.

உப்பு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமி எடுத்துக் குடிக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ‘நீர்ச்செயற்பாடு’ என்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பூஞ்சைகள் 0.80 வரை இறங்கினாலும் வளரும். அம்மாவின் ஊறுகாய் 0.77 பக்கத்தில் நின்றிருக்கும்; உங்களுடையது 0.95க்குக் கீழே இறங்கியிருக்காது. எலுமிச்சையின் புளிப்பு நோய் தரும் பாக்டீரியாக்களைத் தடுத்துவிடும். பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை.

மேலே படரும் அவற்றை நிறுத்துவது காற்றில்லாமை. எண்ணெயின் வேலை அதுதான். காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும். ஒரு துண்டு வெளியே தலைநீட்டினால் போதும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

படர்ந்தது வழவழப்பான மெல்லிய ஏடாக இருந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட். பஞ்சு போலவோ, பச்சை, கறுப்பு நிறத்திலோ இருந்தால் பூஞ்சை. அப்போது மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள். பூஞ்சை அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைத்துவிடும், வேர் போன்ற இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். முழு ஜாடியையும் கொட்டிவிடுவதே நல்லது. உப்புக் குறைவாகத்தான் வேண்டுமென்றால் சிறு புட்டிகளில் அடைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். அது ஊறுகாய் என்று பெயர் கொண்ட கூட்டு, அவ்வளவுதான்.

அப்படியானால் உரித்த பூண்டையும் எண்ணெயில் மூழ்கவைத்து அடுப்பங்கரையிலேயே வைத்துக்கொள்ளலாமா? காற்றே படாதே. (பிரிக்பீல்ட்ஸ்)

கூடாது. வந்த கேள்விகளிலேயே மிக ஆபத்தான பழக்கம் இதுதான்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் சாதாரணமாக உண்டு; கழுவினாலும் முழுதாகப் போகாது, 100 டிகிரியில் கொதித்தாலும் சாகாது. அந்த வித்து முளைக்க மூன்று சௌகரியம் வேண்டும்: காற்று இருக்கக்கூடாது, புளிப்பு இருக்கக்கூடாது, ஈரம் இருக்க வேண்டும். புளிப்பைச் சொல்லும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பூண்டின் பிஎச் 6 பக்கம், 4.6க்குக் கீழே இறங்கினால்தான் அந்த வித்து அடங்கும். ஈரம் பூண்டுக்குள்ளேயே இருக்கிறது. மிச்சமிருந்த ஒரே தடை காற்று, அதையும் எண்ணெய் ஊற்றி நீக்கிவிடுகிறோம். எலுமிச்சையைக் காத்த அதே எண்ணெய் இங்கே கதவைத் திறந்துவிடுகிறது.

1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்குப் பொட்டுலிசம் வந்தது. காரணம், குளிரில் வைக்காமல் வெளியே விடப்பட்ட, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு. பூண்டின் வாடை வேறெந்த வாடையையும் மூடிவிடும் என்பதால் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்வை இரட்டையாவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது இதன் அறிகுறிகள். தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வழி எளிது. எண்ணெய் சேர்த்த பூண்டை 4 டிகிரிக்குக் கீழே வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதிகமாக இருந்தால் அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். மேலே இரண்டு கரண்டி வினிகர் தெளிப்பது பயன்படாது. முழுப் பல்லின் நடுவரை புளிப்பு ஏறுவதற்கு நாளாகும், அதற்குள் வித்து முளைத்துவிடலாம். இஞ்சி, பச்சை மிளகாய் விழுதுக்கும் இதே சட்டம்.

நெத்திலி சம்பாலை எண்ணெய் பிரியும்வரை வதக்கிவிட்டேன். வெளியே வைக்கலாம்தானே? (சுங்கை பட்டாணி)

எண்ணெய் பிரிவது விழுதில் ஓரளவு தண்ணீர் வற்றியதற்கு அடையாளம். வெங்காயமும் மிளகாயும் இன்னும் ஈரமாகவே இருக்கும். புளி ஊற்றியிருப்பீர்கள், ஆனால் சர்க்கரை போட்டு நாக்குக்குச் சரிசெய்த புளிப்பை வைத்து பிஎச்சைக் கணிக்க முடியாது. நம் ஊர் 30 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். ஆழமான சட்டியில் அப்படியே ஆறவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஐஸ்பெட்டிக்குள் தள்ளுங்கள். காலையில் மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் உதவாது: ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சுரந்து வைத்த நஞ்சு கொதித்தாலும் அழியாது.

தீபாவளி முறுக்கு மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு இரண்டே நாளில் காறல் வாடை. மொறுமொறுப்பு அப்படியே இருக்கிறது. ஈரம் எப்படி உள்ளே போயிருக்கும்? (கிள்ளான்)

ஈரம் காரணமில்லை. இங்கே கிருமியே இல்லை, கெட்டது எண்ணெய்தான்.

எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனைப் பிடித்து பெராக்சைடாகும். பெராக்சைடு உடைந்தால் பக்கத்து மூலக்கூறும் கெடும், அது அடுத்ததைக் கெடுக்கும். தொடக்கத்தில் மெதுவாகப் போகும், மூக்குக்கு ஒன்றும் தெரியாது. எண்ணெயிலுள்ள வைட்டமின் ஈ போன்ற காவலர்கள் தீர்ந்ததும் ஓட்டமெடுக்கும். இரண்டே நாளில் வந்ததாக நீங்கள் நினைத்தது மூன்று வாரமாக வளர்ந்தது.

எந்த எண்ணெயில் பொரித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் எளிதில் கெடும் லினோலிக் அமிலம் பாதிக்கு மேல் இருக்கும். நம்மூர்ச் செம்பனை எண்ணெயில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். முறுக்குக்குச் செம்பனை எண்ணெயே தாக்குப்பிடிக்கும். இரண்டாவது, முந்தைய பொரியலின் மிச்ச எண்ணெயைப் புதியதோடு கலந்தீர்களா? பழையதில் இருக்கும் பெராக்சைடு, தயிருக்கு உறை ஊற்றியது போல வேலையைத் தொடங்கி வைத்துவிடும்.

மூன்றாவது டப்பா. பாதி காலியான பெரிய டின்னில் உள்ள காற்றே போதும், முறுக்கு காறிப்போவதற்கு. சிறு டப்பாக்களில் விளிம்புவரை அடுக்கி, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள். கண்ணாடி ஜாடியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெளிச்சமும் இதைத் தூண்டும். சிலிக்கா பொட்டலம் ஈரத்தை மட்டுமே உறிஞ்சும், ஆக்சிஜனைத் தொடாது. மொறுமொறுப்பு காப்பாற்றப்பட்டு வாடை வந்ததற்கு அதுவே விளக்கம்.

முன்கூட்டியே அறிய வேண்டுமானால் இரண்டு முறுக்கை நொறுக்கி, மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு, சுடுநீரில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திறந்து மோந்து பாருங்கள். பழைய பெயின்ட் போலவோ, மெழுகு வண்ணக்குச்சி போலவோ மணம் லேசாக எட்டினால் அந்த டப்பாவுக்கு இன்னும் சில நாள்தான்.

தேங்காயெண்ணெய் ஐஸ்பெட்டியில் கட்டியாகிவிட்டது. கெட்டுவிட்டதா? (ஜெலுத்தோங்)

இல்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறையத்தான் செய்யும். வெளியே எடுத்து வைத்தால் உருகிவிடும்.