போனில் கர்ப்பிணி தலைவலி என்றால் என்ன கேட்பது, எதை எழுதுவது?

கேள்வி: கம்யூனிட்டி போஸ்டிங்கில் இருக்கிறேன். எட்டு மாதக் கர்ப்பிணியின் கணவர் போன் செய்து, "தலைவலி, பாராசிட்டமால் போடலாமா?" என்கிறார். என்ன கேட்க வேண்டும்?

மாத்திரைக்குப் பதில் சொல்லும் முன் பெயர், ஊர், திரும்ப அழைக்க எண் மூன்றையும் வாங்குங்கள், லைன் கட்டாகலாம். வலிப்பு, ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கு மேல் விசாரணை வேண்டாம், உடனே 108.

இல்லையென்றால் போனைக் கர்ப்பிணியிடமே கொடுக்கச் சொல்லுங்கள். கணவர் "லேசாத்தான்" என்பார். அவரோ கண் முன் மின்னுகிறது என்பார். எப்போது தொடங்கியது, பார்வை மங்குகிறதா, மேல்வயிற்றில் வலியா, முகமும் கையும் திடீரென வீங்கியதா, குழந்தை வழக்கம்போல் அசைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "வேறு ஏதாவது இருக்கா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும்.

கடும் தலைவலியோடு பார்வைக் கோளாறோ மேல்வயிற்று வலியோ இருந்தால், பிரஷர் ஏறி வலிப்பு வரை போகக்கூடிய முன்சூல்வலிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பிரஷர் பார்க்க முடியாது. போன வாரம் 120/80 இருந்தது இன்றைக்குச் செல்லாது. மாத்திரையில் வலி குறைந்தாலும் ஆபத்து குறையாது. தனியாக விடாமல், உடனே 108-இல் பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அசைவு குறைந்தது மட்டும் என்றாலும் அன்றே பரிசோதனை வேண்டும்.

பதிவில் நேரம், பேசியவர் யார், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. "வீக்கம் இல்லை" போன்ற இல்லைகளையும் எழுதுங்கள். எழுதாதது கேட்காததாகவே கருதப்படும். சொன்ன அறிவுரை, அவர் அதைத் திருப்பிச் சொன்னாரா, யாருக்குத் தகவல் கொடுத்தீர்கள், அப்புறம் மீண்டும் அழைத்தபோது கிளம்பியிருந்தாரா என்பதும் வேண்டும்.